அத்தியாயம் 7: எந்த நேரத்துக்கு எந்த மொழி

கால்சென்டரில் ரோஸ்டர் போடுகிறவர் பெரும்பாலும் ஒரு மொத்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறார். காலை ஏழு மணிக்கு இத்தனை கால், அதற்கு இத்தனை பேர். ஒரே மொழியில் நடக்கும் சேவைக்கு அது போதும். அழைப்பவர்கள் மூன்று மொழி பேசி, ஒவ்வொரு மொழிக்காரரும் நாளின் வேறு வேறு நேரத்தில் கூப்பிடும்போது, மொத்தக் கணக்கு சரியாக இருந்தும் வாடிக்கையாளர் காத்துக் கிடப்பார். ஆள் இருப்பார்கள், அந்த மொழி தெரிந்தவர் இருக்கமாட்டார்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இயங்கும் ஒரு வங்கியின் உதவி எண். வெளிநாடுவாழ் இந்தியர் கணக்குகளுக்கு மட்டுமானது. அழைப்பவர்களில் அமெரிக்காவில் இருக்கும் தெலுங்கர்கள், சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் தமிழர்கள், வளைகுடாவில் இருக்கும் மலையாளிகள் என மூன்று பெரிய கூட்டம். கீழே வரும் எண்ணிக்கைகள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. உங்கள் எண்களைப் போட்டு அதே வழியில் போகலாம்.

அழைப்பவரின் கடிகாரம்

மனிதர்கள் வங்கிக்கு எப்போது போன் செய்கிறார்கள்? சாப்பாட்டு இடைவேளையில், அல்லது வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு. இது எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். மாறுவது, அந்த நேரம் நம் கடிகாரத்தில் எங்கே விழுகிறது என்பது.

சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னே இருக்கின்றன. அங்கே மதியம் 12 முதல் 2 வரை என்றால் நமக்குக் காலை 9.30 முதல் 11.30 வரை. அங்கே மாலை 6 மணி, நமக்குப் பிற்பகல் 3.30. ஐக்கிய அரபு அமீரகம் ஒன்றரை மணி நேரம் பின்னே. சவூதி, குவைத், கத்தார் இரண்டரை மணி நேரம் பின்னே. அதனால் வளைகுடாவின் இரவுச் சாப்பாட்டு நேரத்துக் கால்கள் நமக்கு இரவு எட்டரைக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் வரும். நியூயார்க் பக்கத்து மாலை 6 முதல் 10 வரை, அங்கே கோடைக்காலமானால் நமக்கு விடிகாலை 3.30 முதல் 7.30 வரை. கலிஃபோர்னியாவின் அதே மாலை நமக்குக் காலை 6.30 முதல் 10.30 வரை.

ஆக நம் நாள் தெலுங்கில் விடிந்து, தமிழில் நடந்து, மலையாளத்தில் முடிகிறது. ஆனால் எந்த மொழியும் எந்த நேரத்திலும் சுத்தமாக நின்றுபோவதில்லை. டல்லாஸில் தமிழர் இருக்கிறார், துபாயில் கரீம்நகர்க்காரர் இருக்கிறார். இந்தச் சிறு எண்ணிக்கைதான் ரோஸ்டரின் உண்மையான தலைவலி. அதைப் பிறகு பார்ப்போம்.

ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறார்கள், நவம்பர் முதல் ஞாயிறன்று திருப்பி வைக்கிறார்கள். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இந்த வழக்கம் இல்லை. எனவே மார்ச்சில் அந்தத் திங்கட்கிழமையிலிருந்து தெலுங்குக் கால்களின் உச்சம் நமக்கு ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடும், மற்ற இரண்டு மொழியும் அசையாது. கடந்த ஆறு வாரச் சராசரியை வைத்து ஃபோர்காஸ்ட் போடுகிற இடத்தில் இது இரண்டு முறை அடிக்கும். முதல் வாரம் ஆள் வருமுன் கால் வந்துவிடும். அடுத்த சில வாரங்களில் பழைய உச்சமும் புதிய உச்சமும் சராசரியில் கலந்து, ஒரு கூரான மேடு இரண்டு தட்டையான மேடாகிவிடும். அந்தத் தட்டைக்கு ஆள் போட்டால் நிஜ உச்சத்தில் ஆள் குறையும்.

இதற்கு ஒரே சரியான வழி, ஒவ்வொரு அழைப்பையும் அழைப்பவரின் உள்ளூர் நேரத்தில் பதிவு செய்து, ஃபோர்காஸ்ட்டையும் அந்த நேரத்திலேயே போட்டு, கடைசியாக இந்திய நேரத்துக்கு மாற்றுவது. எந்த ஊர் நேரம் என்பதை வாடிக்கையாளரின் கணக்கில் உள்ள முகவரியிலிருந்து எடுக்கலாம். ரமலான் மாதத்துக்கும் இதே கவனம் வேண்டும். வளைகுடாவில் அலுவல் நேரம் குறைந்து, இரவு நீண்டுவிடும். மலையாளக் கால்களும் இரவுக்குள் நகரும். அந்த மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருவதால், போன ஆண்டின் அதே தேதியைப் பார்த்து ரோஸ்டர் போடக்கூடாது.

மொழிவாரியாக எண்ணுவது

அடுத்தது, ஒவ்வொரு அரை மணிக்கும் ஒவ்வொரு மொழியிலும் எத்தனை கால் என்ற அட்டவணை. ஐவிஆரில் வாடிக்கையாளர் அழுத்திய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது எளிது, ஆனால் நம்பக்கூடாது. பலர் முதலில் கேட்ட எண்ணை அழுத்திவிடுவார்கள். சிலர் ஆங்கிலத்தில் சீக்கிரம் எடுப்பார்கள் என்று நினைத்து ஆங்கிலத்தை அழுத்திவிட்டு, ஏஜென்ட்டின் குரலைக் கேட்டதும் மலையாளத்துக்கு மாறுவார்கள். கால் முடிந்ததும் ஏஜென்ட் பதிவு செய்யும் திரையில் 'பேசிய மொழி' என்று ஒரு கட்டம் வைத்து, அதை நிரப்பாமல் மூட முடியாதபடி செய்யுங்கள். ஒரு மாதத்தில் இரண்டு எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்துவிடும்.

எடுக்கப்படாமல் போன கால்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். ஆள் இல்லாத மொழியில்தான் கால்கள் அதிகம் விழும். எடுத்த கால்களை மட்டும் எண்ணினால், ஆள் போடாத நேரத்தில் தேவையே இல்லை என்று அறிக்கை சொல்லும், அடுத்த மாதமும் ஆள் போடமாட்டார்கள். ஒரே எண்ணிலிருந்து பத்து நிமிடத்துக்குள் மூன்று முறை வந்து விழுந்திருந்தால் அதை ஒரு கால் என்று கொள்ளுங்கள்.

கால் எத்தனை, ஆள் எத்தனை

நம் உதவி எண்ணில் ஒரு கால், பேச்சும் பதிவும் சேர்த்து, ஆறு நிமிடம் எடுக்கிறது என்று வைப்போம். நூற்றில் எண்பது கால்களை 20 விநாடிக்குள் எடுக்க வேண்டும் என்பது இலக்கு. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த டேனிஷ் கணித அறிஞர் ஏ. கே. எர்லாங் 1917இல் வெளியிட்ட சூத்திரங்களை வைத்துத்தான் இன்றும் இந்தக் கணக்கைப் போடுகிறோம். ரோஸ்டர் மென்பொருள்களில் எர்லாங் சி என்ற பெயரில் இருக்கும். அதில் போட்டால் அரை மணிக்கு 2 கால் வரும் மொழிக்கு 2 பேர் வேண்டும். 5 கால் என்றால் 3 பேர், 10 கால் என்றால் 4, 15 கால் என்றால் 6, 20 கால் என்றால் 7, 30 கால் என்றால் 9.

இந்த வரிசையைக் கொஞ்சம் நின்று பாருங்கள். 10 காலுக்கு 4 பேர், 30 காலுக்கு 9 பேர்தான். பத்துப் பத்தாக மூன்று மொழியில் வந்தால் மொழிக்கு 4 வீதம் 12 பேர் வேண்டும். அந்த 30 காலையும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றால் 9 பேர் போதும். மொழி பிரிவதால் மட்டும் மூன்று பேர் கூடுகிறார்கள். வரிசையின் தொடக்கத்தில் இன்னும் மோசம். அரை மணிக்கு இரண்டே கால் வரும் மொழிக்கு 2 பேரை உட்கார வைத்தால், அவர்கள் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் பேசுவார்கள். ஒருவரை மட்டும் வைத்தால், இலக்கு எண்பதுக்குப் பதில் அறுபதைச் சுற்றி நிற்கும்.

எர்லாங் சி ஒரு விஷயத்தில் மிகைப்படுத்தும். காத்திருக்கும் எவரும் போனை வைக்கமாட்டார் என்று அது கொள்கிறது. நிஜத்தில் சிலர் வைத்துவிடுவதால் தேவை சற்றுக் குறையலாம். சிறு மொழிக்கு அந்தத் தள்ளுபடியை எடுத்துக்கொள்ளாமல் விடுவதே நல்லது. வெளிநாட்டிலிருந்து பணம் காசுக்காகக் கூப்பிடுகிறவர் போனை வைத்தால், சும்மா இருந்துவிடமாட்டார், திரும்பக் கூப்பிடுவார்.

இருமொழிக்காரரை எங்கே உட்கார வைப்பது

எல்லோரும் எல்லா மொழியும் பேசினால் ரோஸ்டரே சுலபம். அப்படி ஆள் கிடைப்பதில்லை, கிடைக்கவும் தேவையில்லை. ராட்னி வாலஸ், வார்ட் விட் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் இரண்டு திறன் இருந்து, கால்களைச் சரியாகத் திருப்பிவிட்டால், எல்லாத் திறனும் உள்ளவர்கள் தரும் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும் என்று காட்டினார்கள். அந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை உண்டு. யார் எடுத்தாலும் கால் ஒரே நேரம் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டார்கள். மொழியில் அப்படி இருக்காது. இரண்டாம் மொழியில் பேசுகிறவருக்கு ஆறு நிமிடக் கால் எட்டு நிமிடம் ஆகலாம். உங்கள் அறிக்கையில் ஏஜென்ட் வாரியாக, மொழி வாரியாக இதைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும்.

சென்னையில் தமிழ்–தெலுங்கு தெரிந்தவர்களைத் தேடிப் பிடிக்கலாம். தமிழ்–மலையாளம் என்றால் நாகர்கோவில், பாலக்காடு, கோவைப் பக்கத்துப் பிள்ளைகள். தெலுங்கு–மலையாளம் மிக அரிது. ஆகையால் நமக்குக் கிடைப்பது தமிழை நடுவில் வைத்த இரண்டு ஜோடி.

இவர்களை இரண்டு மொழியும் மும்முரமாக வரும் வேளையில் போட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு விடை வருகிறது. பிற்பகல் 4 மணிக்கு சிங்கப்பூரில் வேலை முடிந்த நேரம், துபாயில் இரண்டரை மணி. அரை மணிக்குத் தமிழ் 10, மலையாளம் 10 என்று வைப்போம். தனித்தனியாக 4 + 4 = 8 பேர். எட்டுப் பேருக்குப் பதில் எல்லோரும் இருமொழிக்காரர் என்றாலும் 7 பேர் வேண்டும். இத்தனை இருமொழிக்காரரைக் கொட்டியும் மிச்சம் ஒருவர்தான்.

காலை 7 மணியைப் பாருங்கள். தெலுங்கு 15, தமிழ் 2. தனித்தனியாக 6 + 2 = 8 பேர். கலந்தால் 6. இரவு 9.30க்கு மலையாளம் 20, தமிழ் 2. தனித்தனியாக 7 + 2 = 9, கலந்தால் 7. இரண்டு இடத்திலும் இரண்டு பேர் மிச்சம். இருமொழிக்காரர் அதிகம் பயன்படுவது, ஒரு மொழி வெள்ளமாகவும் இன்னொன்று சொட்டுச் சொட்டாகவும் வரும் வேளையில். நம் உதவி எண்ணில் அது நாளின் இரண்டு முனை, விடிகாலையும் இரவும். கூட்டமான நடுப்பகலுக்கு ஒருமொழிக்காரர்களே போதும்.

காலை 7 மணியை முடித்துவிடுவோம். 6 என்பது எல்லோரும் இருமொழி தெரிந்தவர் என்றால். 8 என்பது ஒருவருக்கும் தெரியாவிட்டால். உண்மை இடையில். தெலுங்கு மட்டும் தெரிந்த 5 பேர், தமிழ்–தெலுங்கு தெரிந்த 2 பேர், ஆக 7 என்று தொடங்கலாம். ஐவரும் பேசிக்கொண்டிருக்கும்போது வரும் தெலுங்குக் கால் மட்டும் இருவரிடம் போகும். மற்ற நேரம் அவர்கள் தமிழுக்குக் காத்திருப்பார்கள். தெலுங்கு மட்டும் 4, இருமொழி 2 என்று ஆறாகக் குறைத்தால், தெலுங்கு வழிந்து இவர்கள் கையை நிரப்பிவிடும், அந்த இரண்டு தமிழ்க் கால்தான் அடிபடும்.

7 என்பது நாற்காலியில் ஆள் இருக்க வேண்டிய எண். இடைவேளை, பயிற்சி, விடுப்பு என்று நூற்றுக்கு முப்பது போய்விடும் இடத்தில் ஷிஃப்ட்டில் 10 பேர் வேண்டும். இதை மொத்தத்துக்குப் போடாமல் மொழிக்கு மொழி போடுங்கள். இருமொழிக்காரர் 2 என்றால் 0.7ஆல் வகுத்து 3. வாரத்தில் ஏழு நாளும் திறந்திருந்து ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு என்றால் 4. மொத்தமாகக் கழித்தால் விடுப்பு எல்லாம் இருமொழிக்காரர் பக்கமே விழுந்தாலும் கணக்கில் தெரியாது. அந்த இருவரும் ஒரே நேரத்தில் டீ குடிக்கப் போகக்கூடாது என்பதையும் ரோஸ்டரிலேயே எழுதிவிடுங்கள். வாய்ச்சொல்லாக விட்டால் நடக்காது.

பத்து மணிக்குத் தெலுங்கு 5 காலாகச் சரிந்து, தமிழ் 10 ஆகிவிடும். காலை 5 மணிக்கு வந்த தெலுங்குக்காரர்கள் பிற்பகல் 2 மணி வரை இருப்பார்கள், பாதிப் பேருக்குக் கால் இல்லை. அவர்களுடைய உணவு இடைவேளை, பயிற்சி, தெலுங்கில் வந்த மின்னஞ்சல், திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்த கால்கள் எல்லாம் பத்து மணிக்குப் பிறகு. அதற்கு முன் ஒன்றும் வேண்டாம். தமிழ் ஷிஃப்ட் 9 மணிக்குத் தொடங்கட்டும். அரை மணி முன்னதாக உட்கார்ந்தால் சிங்கப்பூரின் மதிய அலைக்குத் தயார்.

திருப்பிவிடும் விதி

ரோஸ்டர் சரியாக இருந்தும் கெட்டுப்போகும் இடம் இது. ஏசிடியில் எதையும் மாற்றாமல் விட்டால், அநேகமாக 'அதிக நேரம் சும்மா இருப்பவருக்கு அடுத்த கால்' என்ற விதிதான் இருக்கும். காலை 7.10 மணித் திரையை நினைத்துப் பாருங்கள். தமிழ்க் கால் வராததால் இருமொழிக்காரர் இருவரும்தான் அதிக நேரம் சும்மா இருந்தவர்கள். அடுத்த இரண்டு தெலுங்குக் கால்களும் அவர்களிடம் போகின்றன. அந்த நிமிடத்தில் ஒரு தமிழர் கூப்பிடுகிறார். திரையில் தெலுங்குக்காரர் மூன்று பேர் பச்சையில் இருக்கிறார்கள், தமிழ் கியூவில் ஒருவர் சிவப்பில் நிற்கிறார், நொடிகள் ஏறுகின்றன. ஒரு கியூவில் காத்திருப்பு, பக்கத்தில் சும்மா இருக்கும் ஆள். இந்தக் காட்சி அடிக்கடி தெரிந்தால் ஆள் பற்றாக்குறை என்று எண்ணாதீர்கள், முன்னுரிமை தப்பாக இருக்கிறது.

விதி இப்படி இருக்கட்டும். தெலுங்குக் காலுக்கு முதலில் தெலுங்கு மட்டும் தெரிந்தவர். அவர்களில் ஒருவரும் இல்லையென்றால் மட்டும் இருமொழிக்காரர். ஏசிடியில் ஒவ்வொரு ஏஜென்ட்டின் ஒவ்வொரு திறனுக்கும் ஒரு நிலை எண் கொடுக்கலாம். தெலுங்குக்காரருக்குத் தெலுங்கில் 1, இருமொழிக்காரருக்குத் தெலுங்கில் 2, தமிழில் 1. ஒன்பது மணிக்குத் தமிழ் ஷிஃப்ட் வந்து உட்கார்ந்ததும் இந்த எண்கள் மாற வேண்டும். அப்போது தமிழில் 1 என்பது தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு, இருமொழிக்காரர் இரண்டு மொழியிலும் 2. நேரத்துக்கு நேரம் தானாக மாறும்படி அமைக்க முடிந்தால் அமையுங்கள். முடியாவிட்டால், மாற்றும் பொறுப்பு எந்த டீம் லீடருடையது என்று பெயரோடு எழுதி வையுங்கள்.

தெரியும் என்று சொல்பவருக்கு எவ்வளவு தெரியும்

விண்ணப்பத்தில் 'தெலுங்கு – பேசத் தெரியும்' என்று இருக்கும். கோவில்பட்டிப் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசி வளர்ந்த பிள்ளையும் அப்படித்தான் எழுதுவார். அது உண்மையும்கூட. ஆனால் அவர் வீட்டுத் தெலுங்கு பல தலைமுறை தமிழோடு வாழ்ந்தது. தெலங்கானாவிலிருந்து போனவர் வேகமாக, வட்டி, வாரிசு, வரிப் பிடித்தம் என்று கேட்கும்போது அவர் தடுமாறலாம். எழுத்தும் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். நாகர்கோவில்காரர் மலப்புறம் பேச்சைக் கேட்கும்போதும் இதே கதைதான்.

நேர்முகத்தில் நலம் விசாரித்து முடிவு செய்யாதீர்கள். பழைய கால் ஒன்றைப் பெயர், கணக்கு விவரம் நீக்கிப் போட்டுக் காட்டி, வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு அதே மொழிக்காரர் ஒருவர் வாடிக்கையாளராக நடித்து, நடுவில் கோபப்படட்டும். கோபத்துக்குப் பதில் சொல்லும்போதுதான் ஒரு மொழி கைவசம் இருக்கிறதா என்று தெரியும். முழுவதும் சமாளிப்பவர், நிலுவை, கார்டு முடக்கம் போன்ற வழக்கமான கேள்விகளை மட்டும் எடுப்பவர் என இரண்டு படி வைத்தால் போதும். இரண்டாம் படிக்காரரைச் சிறு மொழியின் ஒரே ஆளாக ஒருபோதும் உட்கார வைக்காதீர்கள்.

அவர்கள் பக்கத்து நியாயம்

மேலே போட்ட கணக்கை அப்படியே நடத்தினால், இருமொழிக்காரர் எப்போதும் விடிகாலையிலும் இரவிலும்தான் இருப்பார். ஒருமொழிக்காரர் நிம்மதியாகப் பகலில் வருவார். கூடுதலாக ஒரு மொழி தெரிந்ததற்குத் தண்டனை இது. நல்லவர்கள் முதலில் வேலையை விடுவது இதனால்தான், நான் இதை மிகவும் வருத்தத்தோடு எழுதுகிறேன், ஏனென்றால் தவிர்க்கக்கூடியது. நான்கு பேர் போதும் என்று கணக்கு சொன்னால் எட்டுப் பேரைத் தயார் செய்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சுழற்றுங்கள். மொழிக்கு மாதப்படி கொடுங்கள். ஒரு காலில் தெலுங்கு, அடுத்ததில் தமிழ் என்று மாறி மாறிப் பேசுவது களைப்பு தரும் வேலை. பேசும் நேர விகிதத்தை மாதம் ஒருமுறை பாருங்கள். மற்றவர்களைவிட அவர்களுடையது தொடர்ந்து அதிகமாக இருந்தால், அந்த நேரத்தில் ஒருமொழிக்காரர் ஒருவரைக் கூட்ட வேண்டும்.

விடுப்பில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஓணம் வந்தால் மலையாள ஏஜென்ட்டுகள் எல்லோருமே ஊருக்குப் போகக் கேட்பார்கள். வளைகுடாவில் இருக்கும் வாடிக்கையாளருக்கோ அது வேலைநாளாக இருக்கும், வழக்கம்போலக் கூப்பிடுவார். உகாதிக்குத் தெலுங்கிலும் பொங்கலுக்குத் தமிழிலும் இப்படியே. நூற்றுக்கு முப்பது என்ற சராசரி அன்று உடைந்துபோகும், ஏனென்றால் ஒரே மொழிக்காரர் ஒரே நாளில் போகிறார்கள். ஓணம் வாரத்துக்கான தமிழ்–மலையாளக்காரர்களை இரண்டு மாதம் முன்பே ஒதுக்கி, அவர்களுக்கு ஈடாகப் பொங்கல் விடுப்பை உறுதி செய்து எழுதிக் கொடுங்கள். மலையாளக்காரர்களில் யார் இந்த ஆண்டு போகிறார், யார் அடுத்த ஆண்டு போகிறார் என்ற பட்டியலும் அன்றே ஒட்டப்பட்டுவிட வேண்டும்.